பயிற்சியால் தடிக்கும் இதயம் வேறு, மரபால் தடிக்கும் இதயம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாடும்போதே சுருண்டு விழுந்து இறந்துபோகும் இளம் வீரர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இதயத் தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்ற நோயைச் சரியாகவே அடையாளம் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் காரணம் “அளவுக்கு மீறிய பயிற்சியால் இதயத் தசை தடித்துப்போவது” என்று ஒரு வரி வருகிறது. அது சரியில்லை. ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடித்து அளக்கும் எக்கோ எடுப்பது என் வேலை. இந்த வரியை நம்பி, நன்றாக இருக்கும் பிள்ளையைப் பயந்துபோய் வீட்டில் உட்காரவைப்பவர்கள் இருப்பார்கள். பயிற்சியைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்று நிஜமான நோயைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருப்பார்கள். எனக்குக் கவலை இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான்.

இந்த நோய் பயிற்சியால் வருவதில்லை, மரபணுவால் வருகிறது. இதயத் தசையைச் சுருக்கி விரிக்கும் புரதங்களுக்கான மரபணுக்களில் ஒன்றில் பிழை இருந்தால், வேறு காரணமே இல்லாமல் தசை தடிக்கிறது. பெரும்பாலும் இடது கீழறையையும் வலது கீழறையையும் பிரிக்கும் நடுச்சுவர்தான் தடிக்கும். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பாலோர் பெரிய தொல்லையில்லாமல் நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, அப்படியென்றால் சிலர் ஏன் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாகிறார்கள்? சுவரின் கனம் மட்டுமே ஆளைக் கொல்வதில்லை. அந்தச் சுவருக்குள்ளே இருக்கும் குளறுபடிதான் கொல்கிறது. ஆரோக்கியமான இதயத்தில் தசைச் செல்கள் ஒரே திசையில் வரிசையாக இருக்கும். இந்த நோயில் அவை கலைத்துப் போட்ட வைக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். தடித்த தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும், ஆனால் அதற்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களோ குறுகிப்போயிருக்கும். அதனால் அங்கங்கே தசை பட்டினி கிடந்து, வருடக்கணக்கில் சிறுசிறு தழும்புகள் விழுகின்றன. இதயத்தின் மின்துடிப்பு நேராகப் பரவ வேண்டிய இடத்தில் இந்தத் தழும்புகளையும் கலைந்த செல்களையும் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கலாம். முழு வேகத்தில் ஓடுகிறவரின் உடம்பில் அட்ரினலினும் ஏறியிருக்கும், தசைக்கு ரத்தமும் போதாமல் இருக்கும். அந்த நேரத்தில் இப்படி ஒரு சுழல் பிடித்துக்கொண்டால், கீழறை துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கிறது. ரத்தம் வெளியேறுவது நின்றுவிடும். சில விநாடிகளில் நினைவு தப்பும். ரத்தக் குழாய் அடைத்து வரும் மாரடைப்பில் இருப்பதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதற்குக்கூட நேரம் இருக்காது.

கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோவின் மரணத்தைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். 2003 ஜூன் 26, லியோன் நகரில் கொலம்பியாவுக்கு எதிரான கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி. 72ஆம் நிமிடம், அவர் பக்கத்தில் யாருமே இல்லை, யாரும் இடிக்கவில்லை. மைதானத்தின் நடுவில் சாய்ந்தார். வயது 28. பிரேதப் பரிசோதனையில் இந்த நோய்தான் என்று தெரிந்தது. ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் வருடக்கணக்கில் ஆடிய மனிதர்.

இனி, பயிற்சியாலும் இதயம் தடிக்குமே என்ற கேள்வி. தடிக்கும், ஆனால் கொஞ்சம்தான். இத்தாலியில் 947 முன்னணி வீரர்களை எக்கோவில் அளந்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், இடது கீழறையின் சுவர் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கனமாக இருந்தவர்கள் வெறும் 16 பேர். ஒருவரைத் தவிர எல்லாரும் படகு வலிப்பவர்கள், அந்த ஒருவர் சைக்கிள் வீரர். சாதாரணமாகச் சுவர் 12 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பெரியவர்களிடம் வேறு காரணம் இல்லாமல் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். தலைவலி எல்லாம் 13, 14 வருகிறவர்களிடம்தான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இருபது வயது ஓட்டக்காரர், நடுச்சுவர் 14 மில்லிமீட்டர். இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் அடுத்ததாக அளப்பது இடது கீழறையின் உள்விட்டத்தை. பயிற்சியால் தடித்த இதயத்தில் சுவரோடு சேர்ந்து அறையும் பெரிதாகியிருக்கும், பெரும்பாலும் 55 மில்லிமீட்டருக்கு மேல். நோயில் அறை சிறியதாகவே இருக்கும், 45க்குக் கீழே வந்தால் சந்தேகம் வலுக்கும். அடுத்து, தசை எப்படித் தளர்கிறது என்று பார்ப்போம். வீரரின் இதயம் சட்டென்று தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும், நோயுள்ள தசையோ விறைப்பாக இருக்கும். அப்புறம் ஈசிஜி, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா என்ற விசாரணை, தழும்பு பார்க்க எம்ஆர்ஐ. இவ்வளவுக்குப் பிறகும் தெளிவாகவில்லை என்றால் மூன்று மாதம் பயிற்சியை முழுவதும் நிறுத்தச் சொல்லி மறுபடி அளப்பதுண்டு. பயிற்சியால் தடித்தது என்றால் இறங்கிவிடும். 14 அப்படியே 14 ஆக நின்றால் அது பயிற்சியின் வேலையில்லை. மூன்று மாதம் சும்மா இருக்கச் சொன்னால் வீரர்கள் படும் கோபத்தையும் பார்த்திருக்கிறேன், நியாயமான கோபம்தான்.

ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்பதும் முழு ஆறுதல் தராது. தடித்த சுவர் ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கும்போதுதான் முணுமுணுப்புச் சத்தம் பலமாகக் கேட்கும். எழுந்து நின்றால் கூடும், குந்தினால் குறையும். படுக்கவைத்து மட்டும் கேட்டால் சிலரிடம் தப்பிவிடும். வழி மறிக்காத வகையினரிடம் நிற்கவைத்தாலும் எதுவும் கேட்காது. இத்தகையவர்களில் பெரும்பாலோரிடம் ஈசிஜியில் மாற்றம் தெரிகிறது. இத்தாலி போட்டி வீரர்களுக்கு ஈசிஜியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வேறு பல நாடுகள் தவறான சந்தேகம் நிறைய எழும் என்று தயங்குகின்றன, அந்தத் தயக்கத்திலும் பொருள் இருக்கிறது.

கட்டுரையில் விடுபட்ட ஒன்று, மயக்கம் எப்போது வந்தது என்பது. பந்தயம் முடிந்து நின்ற பிறகு தலை சுற்றி விழுவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. ஓடிக்கொண்டிருக்கும் நடுவில் விழுந்தால், ஒரு நிமிடத்தில் எழுந்து சிரித்தாலும், ஈசிஜியும் எக்கோவும் எடுக்கும்வரை அவர் ஓடக்கூடாது. விழுந்தவர் எழவில்லை, கை கால் வெட்டுகிறது, கொர் கொர்ரென்று மூச்சு வருகிறது என்றால் வலிப்பு என்று சாவியைக் கையில் திணிக்க ஓடாதீர்கள். ரத்தம் போகாத மூளை காட்டும் அடையாளமும் அதுவே. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். நெஞ்சை அழுத்தாமல் கருவிக்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறைகிறது.

ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லாரையும் பார்க்க வேண்டும். பெற்றோரில் ஒருவரிடம் அந்தப் பிழையுள்ள மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து வயதில் எடுத்த எக்கோ நன்றாக இருந்தது என்று விட்டுவிடவும் கூடாது. தசை பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான் தடிக்கத் தொடங்குகிறது. அந்த வயதில் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுப்பார்கள்.

இப்படிக்கு,
எக்கோ பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகர்