கோலசிலாங்கூர் தங்கும் விடுதி முதலாளிகளுக்கு ஒரு டோபி கடையிலிருந்து

வணக்கம் ஐயா, அம்மா.

கோலசிலாங்கூரிலும் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் சிறு ஹோட்டல், விடுதி, ஹோம்ஸ்டே நடத்தும் உங்கள் எல்லோருக்கும் இந்த மின்னஞ்சலை அனுப்புகிறேன். கிலோ கணக்கை விட்டு உருப்படிக் கணக்குக்கு நாங்கள் மாறியது உங்களுக்குத் தெரியும். “பணம் பிடுங்கத்தான் மாற்றினார்கள்” என்று ஒரு குரல்பதிவு உங்கள் வாட்சாப் குழுவில் சுற்றியதும் எனக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன்.

பத்து அறை உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். மெத்தை விரிப்பு 10, தலையணை உறை 20, குளியல் துண்டு 20. காய்ந்த நிலையில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். அதில் பாதி எடை துண்டுகளுடையதுதான். பழைய விலை கிலோவுக்கு 3 வெள்ளி, ஆக 60 வெள்ளி. ஆனால் துண்டு காய்ந்து வருவதில்லை. விருந்தினர் குளித்துப் போட்ட ஈரத்தோடு சாக்கில் விழுகிறது. 5 கிலோ தண்ணீர் சேர்ந்தால் பில் 75 வெள்ளி. அந்த 15 வெள்ளி வெறும் தண்ணீருக்குத்தான். இப்போது விரிப்பு 2 வெள்ளி, உறை 50 காசு, துண்டு 1 வெள்ளி 50 காசு. அதே சாக்குக்கு, ஈரமாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும், 60 வெள்ளிதான். எடுத்துப் போகவும் கொண்டுவந்து கொடுக்கவும் தனிக் கட்டணம் இல்லை. இதில் எங்கே பிடுங்கினோம் என்று நீங்களே சொல்லுங்கள்.

உருப்படிக் கணக்கு சரியாக நடக்க ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: எண்ணி, பிரித்து அனுப்புங்கள். எண்ணுவது பில்லுக்காக. பிரிக்கச் சொல்வது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு விடுதியிலிருந்து வந்த சாக்கில் குளியல் துண்டுகளோடு சமையலறைத் துணிகளும் கலந்திருந்தன. எல்லாம் வெள்ளை என்பதால் இரவு வேலையில் யாரும் கவனிக்கவில்லை. துவைத்து, டிரையரில் காயவைத்து, சூடு ஆறுமுன் மடித்துத் தள்ளுவண்டியில் அடுக்கிவிட்டார்கள். சற்று நேரத்தில் பழைய எண்ணெய் காய்வதுபோல வாடை வந்தது. எங்கள் அக்கா ஒருவர் அடுக்கின் நடுவே கையை விட்டார், சுட்டது. மேலே இருந்தவற்றை எடுத்ததும் புகை கிளம்பியது. துணிகளை வெளியே இழுத்துச் சிமெண்டுத் தரையில் பரப்பித் தண்ணீர் ஊற்றினோம். நடுவில் இருந்த துணிகள் பழுப்பாகக் கருகியிருந்தன.

சமையல் எண்ணெய் சாதாரணத் துவைப்பில் முழுதாகப் போகாது. மிச்சம் நூலுக்குள் தங்கும். டிரையர் சூட்டில் அது காற்றோடு சேர்ந்து தானாகவே மேலும் சூடாகும். துணி பரந்து கிடந்தால் அந்தச் சூடு போய்விடும். குவிந்து கிடந்தால் உள்ளேயே ஏறிக்கொண்டு போய்த் தீயே பிடிக்கும். நெருப்புக்குச்சி தேவையில்லை. பக்கத்திலேயே எங்கள் கேஸ் தோம்பு நிற்கிறது. அந்த அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள்.

அந்த விடுதிக்குப் போன் செய்தேன். “துணிதானே, இதெல்லாமா பார்ப்பது?” என்றார்கள். அந்தப் பதிலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கலந்து வந்தால் எங்கள் ஆட்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது என்று அதன் பிறகுதான் எல்லோருக்கும் எழுத முடிவு செய்தேன்.

சொல்ல ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிலருடைய பில் இரண்டு மாதமாக நிற்கிறது. “நம்ம ஆளுதானே, அப்புறம் பார்ப்போம்” என்கிறீர்கள். சவர்க்காரக்காரரும் கேஸ்காரரும் எனக்கு அப்படிச் சொல்வதில்லை. சம்பள நாளும் தள்ளிப் போவதில்லை. ஆனால் அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம், இந்த மடல் அதற்காக இல்லை.

கேட்பது இதுதான். தயவுசெய்து எண்ணி, பிரித்து அனுப்புங்கள். சமையலறைத் துணி, எண்ணெய் தேய்த்த தலை துடைத்த துண்டு, மசாஜ் துண்டு எல்லாவற்றையும் நாங்கள் கொடுக்கும் நீலப் பையில் மட்டும் போடுங்கள். அதை அதிகச் சூடான தண்ணீரில், கூடுதல் சவர்க்காரம் போட்டுத் தனியாகத் துவைத்து, டிரையரில் போடாமல் கொடியில் காயவைப்போம். ஒரு பைக்கு 12 வெள்ளி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் தாமதமாகலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். சாக்கை வண்டியில் ஏற்றும்போது எங்கள் டிரைவர் முன்னால் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

வரும் திங்கட்கிழமை முதல், நீலப் பை இல்லாமல் எண்ணெய்த் துணி கலந்து வரும் சாக்கைத் துவைக்காமல் அப்படியே திருப்பி அனுப்புவோம். அதற்குப் பணம் வாங்க மாட்டோம். பை இன்னும் கிடைக்காதவர்கள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டால், அடுத்த நடையிலேயே டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பணிவுடன்,
உங்கள் டோபி கடைக்காரர்