மீனுவுக்கு, பத்திரிகை பத்தி

மீனு,

எப்படி இருக்க, மூட்டு வலி தேவலையா. ஆறு மாசமா ஒரு வார்த்தை எழுதல, திடீர்னு ஒரு போட்டோ அனுப்பி அதையும் அழிச்சுட்டேன், நீ "என்னடி அனுப்புன, ஒண்ணும் தெரியலையே"ன்னு கேட்டிருந்த. பெரியவளுக்கு கல்யாணம்டி, தை மாசம். அந்தப் போட்டோ பத்திரிகையோட ப்ரூஃப். நான் அனுப்புன அஞ்சாவது நிமிஷம் அத்தை பாத்துட்டாங்க, சாஸ்தா கோயில்ல முதல் பத்திரிகை வைக்காம படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பலாமான்னு ஒரே சத்தம், உடனே அழிச்சுட்டேன். வாயால சொன்னா தப்பில்லையாம், அவங்களே சொல்லிட்டாங்க. அதனால சொல்றேன், கண்ண மூடிட்டுக் கேளு. உங்கப்பா ப்ரெஸ்ல பத்து வருஷம் உக்காந்தவ நீ, உன்னைக் கேக்காம நான் எதையும் அச்சுக்கு விடமாட்டேன்.

கார்டு ஏழுக்கு ஒன்பது இஞ்ச், புஸ்தகம் மாதிரி விரியும். வெளிப்பக்கம் அரக்கு கலரு, மேல மேட் லேமினேஷன், நடுவுல தங்க ஃபாயில்ல பிள்ளையார், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, நாலு மூலையிலயும் தோகை விரிச்ச மயில். உள்ள சந்தனக் கலர் தாளு, லேமினேஷன் கிடையாது, இடது பக்கம் தமிழ் வலது பக்கம் இங்கிலீஷ், சுத்தி மாங்கா பார்டர். கவர் மஞ்சள், அதுலயும் பேரு தங்கத்துல. மஞ்சள்ல தங்கம் தூரத்துல இருந்து பாத்தா இல்லவே இல்ல, அதை அரக்குக்கு மாத்தச் சொல்லிட்டேன், அது முடிஞ்ச விஷயம்.

எனக்கு முதல்ல இடிச்சது அந்த மயிலு. பாக்க ரொம்ப அழகு, ஆனா மஞ்சள் எங்கடி தடவுறது? நாலு மூலையிலயும் மஞ்சள் வைக்காம நாம யாருக்குப் பத்திரிகை குடுத்திருக்கோம். ப்ரெஸ்ல குடுத்த சாம்பிள் கார்டு ஒண்ணுல தடவிப் பாத்தேன், லேமினேஷன் மேல பிடிக்கவே மாட்டேங்குது, காஞ்சதும் பொடியா உதிந்து கவர் உள்ள கொட்டுது, ஃபாயில் மேல பட்ட இடம் அழுக்கு மாதிரி மங்கிப்போச்சு. உள்தாளு மட்டும் மஞ்சளை அப்படியே குடிச்சுட்டு நின்னுச்சு. அதனால மயிலை மூலையில இருந்து எடுத்து பிள்ளையாருக்குக் கீழ ஜோடியா வைக்கலாம், உள்பக்கம் மாங்கா பார்டரை மூலையில ஒரு இஞ்ச் விட்டு நிறுத்திட்டு அந்த வெத்து இடத்துல மஞ்சள் வச்சுக்கலாம்னு நினைக்கிறேன். பார்டர் மூலையில சேராம நின்னா அரைகுறையா தெரியுமா? முனையில ஒரு சின்ன மொட்டு வச்சு முடிச்சா போதுமா?

ரெண்டாவது எழுத்து. உள்ள இருக்கற அத்தனை எழுத்தையும் ஃபாயில்ல போட்டா கிராண்டா இருக்கும்னு ப்ரெஸ்காரத் தம்பி சொல்லுச்சு. நீ அன்னைக்கு சொன்னது ஞாபகம் இருக்கு, ஃபாயில் மை இல்ல, பிளாக்கை சூடு பண்ணி அழுத்தி ஒட்ட வைக்கறது, அதனால பொடி எழுத்துல இடுக்கெல்லாம் அடைச்சுக்கும்னு. அந்த சாம்பிளை ஜன்னல் வெளிச்சத்துல சாச்சுப் பாத்தேன், அப்படியேதான் இருக்கு. பேருங்க பெருசா இருக்கறதால பளிச்சுனு தெளிவா இருக்கு, ஆனா கீழ பொடி எழுத்துல ண, ஞ சுழியெல்லாம் அடைச்சு ஒரே தங்கப் பொட்டு, புள்ளிங்க சிலது எழுத்தோட ஒட்டிக்கிச்சு, சிலது விழவே இல்ல. புள்ளி போச்சுன்னா திருவளர்செல்வி திருவளரசெலவி ஆயிடும்டி, கல்யாணப் பத்திரிகையில செலவுன்னு வந்தா நம்ம சோடாபுட்டி சார் மண்டபத்துல மைக்க பிடிச்சே வாசிச்சிருவாரு! அதனால பிள்ளையாரும் பொண்ணு மாப்பிள்ளை பேரும் மட்டும் ஃபாயில், மிச்சமெல்லாம் சந்தனத் தாள்ல அரக்கு மையில சாதா அச்சுன்னு சொல்லிட்டேன். சரிதானே?

இன்னொண்ணு, நாங்க போன்ல டைப் பண்ணி அனுப்புனதை அவங்க ஃபான்ட்டு ஏத்துக்கலன்னு திரும்ப முதல்ல இருந்து அடிச்சிருக்காங்க. அதுல திருவளர்செல்வி திருநிறைச்செல்வி ஆயிருக்கு. கல்யாணத்துக்கு இன்னும் பிள்ளை இருக்கற வீட்டுல திருவளர், கடைசிப் பிள்ளைக்குத்தான் திருநிறைன்னு உங்கம்மாதானே சொல்லிக் குடுத்தாங்க. சின்னவன் இருக்கான்ல எனக்கு. திருத்தச் சொல்லிருக்கேன், ஆனா இதைப் பாத்தப்புறம் தேதி, மண்டபம், போன் நம்பர் ஒவ்வொண்ணையும் விரல் வச்சுப் படிச்சேன்.

இப்ப நான் எழுத உக்காந்ததுக்கான விஷயம். அடியில "தங்கள் நல்வரவை விரும்பும்"னு வருமில்ல, அங்க வலது பக்கம் மாப்பிள்ளையோட அப்பா அம்மா. இடது பக்கம் யாரு? அவர் போயி நாலு வருஷம் ஆச்சு. அவரோட அண்ணனும் அக்காவும் பேரைப் போட்டுக்கட்டும், உன் பேரு மேல "தெய்வத்திரு இன்னார், திருமதி இன்னார் அவர்களின் குமாரத்தி"ன்னு வந்துருதே போதாதான்னு வீட்டுல பேச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல மீனு, வழக்கம்னு சொல்றாங்க. ஆனா நாலு வருஷமா அவளைப் படிக்க வச்சது நான், மாப்பிள்ளை வீட்டுல போயிப் பேசுனது நான், வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் இல்லையா? ராத்திரி பூரா தூங்கல. காலையில அத்தைகிட்டயே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உன் பேரைப் போடு, அவன் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான்"னாங்க. அப்படியே உக்காந்து அழுதுட்டேன்.

அதனால என் பேருதான், என் பேரு மட்டும்தான். அண்ணன் அக்கா பேரு கீழ "தங்கள் அன்புள்ள"ன்னு தனி வரிசையில, தாய்மாமன் பேரோட. ஆனா ப்ரூஃப்ல பாத்தா வலது பக்கம் ரெண்டு வரி, இடது பக்கம் ஒரு வரி, கீழ பள்ளமா கிடக்குன்னு அந்தத் தம்பி அங்க ஒரு தாமரைப் பூவை வச்சிருக்கு. எனக்கு அந்தப் பூ வேண்டாம்டி. அவர் இருந்திருக்க வேண்டிய இடத்துல ஒரு பூவை வச்சு மறைச்ச மாதிரி இருக்கு. எடுத்துட்டா காலியா தெரியுது, என் எழுத்தைப் பெருசாக்குனா சம்பந்தி மரியாதைக்குக் குறைச்சல். ரெண்டு பத்தியா பிரிக்காம எல்லாப் பேரையும் நடுவுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போட்டா? முதல்ல என் பேரு, ஒரு வரி இடம் விட்டு அவங்க ரெண்டு பேரும். அப்ப எந்தப் பக்கமும் குறைஞ்ச மாதிரி இருக்காதுல்ல. ஆனா உசரம் கூடும், முகூர்த்த நேரம் இருக்கற பத்தி மேல நெருங்கும். மாங்கா பார்டரை மெல்லிசாக்கி இடம் எடுக்கலாமா, இல்ல இங்கிலீஷ் பக்கத்தையே எடுத்துட்டு தமிழையே ரெண்டு பக்கமும் பரத்தலாமா? மாப்பிள்ளையோட ஆபீஸ்காரங்களுக்கு இங்கிலீஷ் வேணும்னு கேட்டாங்க, அதுதான் யோசனை.

வியாழக்கிழமை காலையில பிளாக் செய்யக் குடுக்கறாங்க, மயிலை நகத்துறதும் பேரும் அதுக்கப்புறம் மாத்துனா புது பிளாக், புதுக் காசு. 600 கார்டு. புதன் ராத்திரிக்குள்ள ஒரு தாள்ல கையால கட்டம் போட்டு, எந்தப் பேரு எங்கன்னு மட்டும் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, வெறும் கட்டத்துக்கு அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாஸ்தாவுக்கு வச்சதும் அடுத்தது உனக்குத்தான், நானே நேர்ல வந்து குடுக்கறேன்.

உன்
செல்வி