சாவியைக் கொடுத்துவிட்டு வா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாப்பா காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாளாம், அக்கா சொன்னாள். காதுகுத்து பற்றி யாரோ அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விடுப்பு விண்ணப்பத்தைப் படித்தேன். "குடும்ப விழா காரணமாக பிப்ரவரி 15 முதல் 18 வரை விடுப்பு வேண்டும், என் பணிகளைச் சக ஊழியர்கள் கவனித்துக்கொள்வார்கள்." இவ்வளவுதான். உங்கள் மேனேஜர் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கோபப்பட்டாய். நானாக இருந்தாலும் திருப்பித்தான் கொடுத்திருப்பேன். முப்பத்திரண்டு வருஷம் பேங்க் கேஷில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், கேள்.

முதலில் தேதி. 2026 மாசி சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிறு. அன்று ராத்திரி குலசாமி கோயிலில் பூஜை. மறுநாள் திங்கட்கிழமை காலையில் மொட்டை, காதுகுத்து, மதியம் சாப்பாடு. நீ நாக்பூரிலிருந்து சென்னை வந்து, ரயில் மாறி மதுரை வரவேண்டும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால்தான் ஞாயிறு காலை வந்து சேருவாய். 14 இரண்டாவது சனி, பேங்க் கிடையாது. 15 ஞாயிறு. ஆக விடுப்பு 16ஆம் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. நீயோ ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுப்பு கேட்டிருக்கிறாய்.

திரும்புவதற்கு நீ சரியாகக் கணக்குப் போடவில்லை. செவ்வாய் ராத்திரி மதுரையில் ஏறினால் புதன் காலை சென்னை. அன்று சாயங்காலமோ ராத்திரியோ ரயில் பிடித்தால் நாக்பூரில் இறங்க வியாழன் பகலாகிவிடும். 18 வரை விடுப்பு என்றால் வியாழன் காலை நீ சீட்டில் இருக்கவேண்டும். ஆனால் அந்த நேரத்தில் ரயிலில்தான் இருப்பாய். ஆனால் பார், 19ஆம் தேதி சிவாஜி ஜெயந்தி. மகாராஷ்டிராவில் பேங்குக்கு விடுமுறை. நம் ஊர்க் காலண்டரில் அது இருக்காது, அதனால் உனக்குத் தோன்றவில்லை போலும். ஆக 16, 17, 18 மூன்று நாள் சி.எல். போதும். 20 வெள்ளி காலை வேலைக்கு வந்துவிடுவேன் என்று எழுது. சேரும் தேதியை எழுதாத விடுப்புக் கடிதம் எனக்குப் பிடிக்காது. மேனேஜருக்கு வேண்டியதே அதுதான்.

இன்னொன்று. முன்னால் இரண்டு நாளும் பின்னால் ஒரு நாளும் விடுமுறை என்றாலும், அந்த நாட்களையும் சேர்த்து ஊரை விட்டுப் போக அனுமதி கேட்டு எழுது. நீ பெட்டகச் சாவி வைத்திருக்கிறவன். விடுமுறை நாளில் ஏதாவது என்றாலும் முதலில் உன்னைத்தான் தேடுவார்கள்.

அடுத்து காரணம். "குடும்ப விழா" என்றால் வடக்கத்தி மேனேஜருக்கு என்ன புரியும்? நீ போகாவிட்டாலும் விழா நடக்கும் என்றுதான் நினைப்பார். "என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. எங்கள் வழக்கப்படி குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்தவேண்டும். நான் ஒரே தாய்மாமன்" என்று எழுது. மூன்று வரிதான். அதற்கு மேல் கெஞ்சவும் வேண்டாம், சீர் விவரமெல்லாம் சொல்லவும் வேண்டாம்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். "சக ஊழியர்கள் கவனித்துக்கொள்வார்கள்" என்று எழுதினாயே, எந்த ஊழியர், எதை? பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி உன்னிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். நீ போனில் சொன்னாய், "அவர்கிட்டேயே என் சாவியையும் கொடுத்துட்டா போச்சு, நல்ல மனுஷன்" என்று. நல்ல மனுஷனாகவே இருக்கட்டும். இரண்டு சாவியும் ஒருவர் கையில் போனால் இரண்டு பூட்டு எதற்கு? அவருக்கும் அது ஆபத்துதான். நாளைக்கு ஒரு நோட்டு குறைந்தால் அவரைத் தவிர யாரைக் கேட்பார்கள்?

1988இல் உன் அத்தை கல்யாணத்துக்கு நான் செய்ததும் இதுதான். கிளையில் வேறு ஆள் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கூடச் சாவி வைத்திருந்தவரிடமே என் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினேன். எண்ணவும் இல்லை, ரிஜிஸ்டரில் எழுதவும் இல்லை. திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து எண்ணினால், ஒரு ஐம்பது ரூபாய்க் கட்டில் இருபது நோட்டு இல்லை. நான் போவதற்கு முன்பே குறைந்ததா, போனபின் குறைந்ததா, கிளைக்கு வந்தபோதே கட்டு அப்படித்தானா, யாருக்கும் தெரியாது. அவரைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை, அவருக்கும் அப்படித்தான். ஆளுக்குப் பாதி போட்டுக் கட்டினோம். அன்றைய சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து டீ குடிக்கப் போவதும் நின்றுபோனது.

அதனால் கடன் பார்க்கும் ஆபீசரிடம் உன் சாவியைக் கொடுக்கும்படி மேனேஜரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கு. அந்த ஆபீசர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மேனேஜரே வாங்கிக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை கேஷ் முடித்தவுடன் நீ, ஹெட் கேஷியர், சாவி வாங்குகிறவர் மூன்று பேரும் பெட்டகத்தின் முன் நின்று எண்ணுங்கள். நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டில். பண்டிலாக எண்ணிவிட்டு நிறுத்திவிடாதே. பிரித்த கட்டுகளையும் சில்லறையையும் ஒவ்வொன்றாக எண்ணி, கேஷ் புத்தகத்து இருப்போடு ஒத்துப் பார். பணம் மட்டும் இல்லை. நகைக்கடன் பைகளை எண்ணி, ரிஜிஸ்டரில் உள்ள எண்ணிக்கையோடு சரிபார். சீல் உடைந்த பை இருந்தால் அப்போதே சொல். லாக்கர் மாஸ்டர் சாவி, டி.டி. படிவங்கள், வாடிக்கையாளருக்குக் கொடுக்காத ஏ.டி.எம். கார்டுகள் இவையும் உன் பொறுப்பில்தானே இருக்கின்றன? அப்புறம் சாவி ரிஜிஸ்டரில் தேதி, நேரம் போட்டு இருவரும் கையெழுத்து. திரும்பி வந்து வாங்கும்போதும் இதே மாதிரி எண்ணித்தான் வாங்கவேண்டும். பலரும் போகும்போது கவனமாக இருந்துவிட்டு, வாங்கும்போது சும்மா வாங்கிவிடுவார்கள்.

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அதைக் கணக்கில் வைத்து ரயிலைப் பார்.

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதே. "இரண்டு வவுச்சர்தான் பாஸ் பண்ணணும்" என்பார்கள். நீ விடுப்பில் இருக்கும்போது உன் பெயரில் ஒரு கணக்கு பாஸ் ஆகியிருந்தால், ஆடிட்டில் நீ கோயிலில் இருந்ததைச் சொல்லி என்ன பயன்? 16ஆம் தேதியிலிருந்து உன் ஐ.டி.யை நிறுத்தி வைக்கச் சொல். அந்த அதிகாரத்தை உன் சாவியை வாங்குகிறவருடைய ஐ.டி.க்கே கொடுக்கட்டும்.

கடிதத்தை இப்படி மாற்றி இங்கிலீஷில் எழுதிக்கொள்:

"என் அக்கா மகளின் காதணி விழாவில் தாய்மாமனாக நான் இருக்கவேண்டியிருப்பதால், பிப்ரவரி 16 முதல் 18 வரை மூன்று நாள் தற்செயல் விடுப்பும், 14, 15, 19 ஆகிய விடுமுறை நாட்களையும் சேர்த்து ஊரை விட்டுச் செல்ல அனுமதியும் வேண்டுகிறேன். 20ஆம் தேதி காலை பணியில் சேருவேன். என் வசமுள்ள பெட்டகச் சாவியை 13ஆம் தேதி மாலை, தாங்கள் நியமிக்கும் அதிகாரியிடம் இருப்பை எண்ணி ஒப்படைக்கிறேன். முடியாமல் நிற்கும் வேலைகளின் பட்டியல் இத்துடன் உள்ளது."

பட்டியலில் நிஜமாகவே நிற்கும் வேலைகளை எழுது. எந்த வாடிக்கையாளர் எதற்கு வருவார், எந்தக் காகிதம் எந்த டிராயரில் இருக்கிறது என்று எழுதினால்தான் உனக்கு நடுவில் போன் வராது. பாப்பா மடியில் உட்கார்ந்து அழும்போது போன் அடித்தால் அம்மா பிடுங்கி வைத்துவிடுவாள், சொல்லிவிட்டேன்.

தோடு இங்கேயே எடுத்தாயிற்று, நீ அங்கே எதுவும் வாங்கவேண்டாம். பட்டு வேட்டி அலமாரியில் இருக்கிறது. டிக்கெட் எடுத்ததும் பெட்டி நம்பரை அக்காவுக்கு அனுப்பு, மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வருவார்.

அன்புடன்,
அப்பா