பில்லில் புரியாமல் நிற்கும் அந்த ஒரு வரி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அமேசானின் மும்பை ரீஜனில் சர்வர் வைத்திருக்கும் உங்களில் சிலர் மாதப் பில்லை அனுப்பி, "மெஷின் வாடகை புரிகிறது, இது என்ன?" என்று ஒரு வரியைக் காட்டிக் கேட்கிறீர்கள். பெரும்பாலும் `APS3-DataTransfer-Regional-Bytes` என்ற வரிதான் அது. இன்டர்நெட்டுக்குப் போன டேட்டாவுக்கான கட்டணம் தனியாக வரும். இது உங்கள் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதற்கான காசு.

மும்பை ரீஜனில் மூன்று ஸோன்கள், அதாவது தனித்தனி டேட்டா சென்டர் தொகுதிகள், இருக்கின்றன. ஒன்றில் கரண்ட் போனாலும் மற்றது ஓடட்டும் என்றுதான் மெஷின்களை இரண்டு ஸோன்களில் பிரித்து வைக்கிறோம். ஒரே ஸோனுக்குள் பிரைவேட் ஐ.பி. வழியாகப் பேசினால் கட்டணம் இல்லை. ஸோன் தாண்டினால் ஒரு ஜி.பி.க்கு அனுப்பும் பக்கம் 1 சென்ட், வாங்கும் பக்கம் 1 சென்ட், ஆக 2 சென்ட். இரண்டு பக்கமும் எண்ணப்படுவதால், பில்லில் தெரியும் ஜி.பி. உண்மையில் போனதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

2 சென்ட் என்ன பெரிய காசு என்று தோன்றும். ஒரு மளிகை ஆர்டர் ஆப்பை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஸோன்களிலும் தலா ஒரு ஆப் சர்வர். முதல் ஸோனில் ஒரு மெஷினில், டேட்டாவை மெமரியில் வைத்து உடனே எடுத்துத் தரும் ரெடிஸை நாமே நிறுவியிருக்கிறோம். வாடிக்கையாளர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 500 கே.பி. பொருள் பட்டியல் ரெடிஸிலிருந்து வருகிறது. நாள் முழுக்கச் சராசரியாக வினாடிக்கு 20 பேர் என்றால் 10 எம்.பி. அதில் பாதி, இரண்டாம் ஸோன் சர்வருக்கு ஸோன் தாண்டிப் போகிறது. வினாடிக்கு 5 எம்.பி. என்றால் ஒரு நாளைக்கு 432 ஜி.பி., மாதத்துக்குச் சுமார் 13,000 ஜி.பி. டாக்ஸ் சேர்க்காமல் சுமார் 260 டாலர். ரெடிஸ் ஓடும் சின்ன மெஷினின் வாடகையைவிட அதற்குப் போய்வரும் வழிச்செலவு அதிகம்!

இதற்கு மருந்து பெரிய மெஷின் இல்லை. பட்டியலை ஆப் சர்வரின் மெமரியிலேயே 60 வினாடி வைத்துக்கொண்டால் போதும். இரண்டாம் ஸோன் சர்வர் நிமிடத்துக்கு ஒரு முறைதான் ரெடிஸிடம் போகும். மாதத்துக்கு 22 ஜி.பி.கூட வராது, அரை டாலருக்கும் கீழே. சர்வரில் எட்டு புராசஸ் ஓடினால் ஒவ்வொன்றும் தனிப் பிரதி வைத்திருக்கும், எட்டு மடங்காகும். அப்போதும் நாலு டாலரைத் தாண்டாது.

இதில் ஒரு பாதகம் உண்டு. தக்காளி விலையை மாற்றினால் சிலருக்கு ஒரு நிமிடம் வரை பழைய விலை தெரியும். அதனால் விலையையும் இருப்பையும் பணம் கட்டும் கட்டத்தில் டேட்டாபேஸிலிருந்து நேராகச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு சில கே.பி.தான், அது ஸோன் தாண்டட்டும்.

செலவைக் குறைக்க எல்லாவற்றையும் ஒரே ஸோனில் போட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: இரவில் ரிப்போர்ட் எடுக்கும் மெஷினுக்குச் சரி, ஆர்டர் வாங்கும் ஆப்புக்கு வேண்டாம். ஆர்.டி.எஸ். டேட்டாபேஸ் இன்னொரு ஸோனில் வைக்கும் மல்டி-ஏஇஸட் நகலுக்கு டேட்டா ஸோன் தாண்டிப் போவதற்குத் தனிக் கட்டணமே கிடையாது, அதில் கை வைக்காதீர்கள்.

அடிக்கடி கண்ணில் படும் இன்னொன்று: கான்ஃபிக் ஃபைலில் பக்கத்து சர்வரின் பப்ளிக் ஐ.பி.யை எழுதி வைத்திருப்பது. இரண்டும் ஒரே ஸோனில் இருந்தாலும் ஸோன் தாண்டியதுபோலவே காசு விழும். அதற்குப் பதில் பிரைவேட் ஐ.பி.யை எழுதினால் தீர்ந்தது.

இரண்டு அக்கவுன்ட் வைத்திருப்பவர்கள் `ap-south-1a` என்ற பெயரை நம்பி மெஷின்களை ஒரே இடத்தில் வைத்ததாக நினைத்துவிடக் கூடாது. ஒரு அக்கவுன்டின் a இன்னொன்றில் வேறு ஸோனாக இருக்கலாம். இரண்டிலும் இந்தக் கட்டளையைப் போட்டு, `aps1-az1` போன்ற ஐ.டி.யை ஒப்பிடுங்கள்:

```
aws ec2 describe-availability-zones \
  --region ap-south-1 --output text \
  --query "AvailabilityZones[].[ZoneName,ZoneId]"
```

உங்கள் பில்லில் இந்த வரி எவ்வளவு என்று பார்க்க, காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் `Usage type` வாரியாகப் பிரியுங்கள். மெஷின் வாடகையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. டெவலப்பரின் நேரம் அதைவிட விலை கூடியது. அதற்கு மேல் போனால் அந்தப் பக்கத்தை எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு வேலை நாள் மட்டும் ஃப்ளோ லாக் போட்டு, எந்த சர்வர் எதனோடு அதிகம் பேசுகிறது என்று எடுத்துத் தருகிறோம். அந்த லாக்குக்கும் சிறு கட்டணம் உண்டு என்பதால் மறுநாளே நிறுத்திவிடுவோம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பிரிவு