எரிஞ்சது டிவி, தப்பு நியூட்ரல்ல

ஆசிரியருக்கு, ஒரு வீட்டுல டிவி எரிஞ்சதுக்கு 'லைன்ல திடீர்னு வோல்டேஜ் ஏறிடுச்சு'ன்னு நேத்து செய்தி போட்டிருந்தீங்க, ஆனா அதே நேரத்துல பக்கத்து ரூம்ல லைட் மங்கலா எரிஞ்சதாவும் அதுலயே இருக்கு, அப்போ அது கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயர் கட்டானதோட அடையாளம். த்ரீ பேஸ் வீட்டுல நியூட்ரல் போயிட்டா ரெண்டு பேஸ்ல இருக்கிற லோடுங்க சீரிஸ்ல மாட்டிக்கிட்டு 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கும். ஒரு பேஸ்ல 1000 வாட் ஹீட்டர், இன்னொண்ணுல 100 வாட் பல்புன்னு வைங்க, ஹீட்டருக்கு சுமார் 36 வோல்ட்தான், பல்புக்கு 364! சின்ன லோடுதான் எரியும், பாவம்.

எங்க வீட்லயும் இப்படித்தான், ஃபேன் சோம்பலா சுத்துச்சு, செட்டாப் பாக்ஸ் புகைஞ்சுது, எம்சிபி ட்ரிப்பே ஆகல (அது கரண்ட்டத்தான் பாக்கும், வோல்டேஜை இல்ல). கடைசில பார்த்தா நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூ லூசாகி கருகிக் கிடந்துச்சு. அதனால சில லைட் பளீர்னும் சிலது மங்கலாவும் எரிஞ்சா உடனே மெயினை ஆஃப் பண்ணணும்னு செய்தியோடவே ஒரு வரி போடுங்க, ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ்ல தானா கட் பண்ற ரிலே மெயின் போர்டுல வைக்கலாம்னும் சேர்த்து எழுதுங்க.

- ஒரு வாசகர்