நான்கு எழுத்தும் ஒரு பலகையும்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. பதில் எழுதாததற்குக் குளிரையும் முழங்காலையும் சாட்டலாம், ஆனால் நீ இரண்டையும் நம்ப மாட்டாய். அக்காவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று தம்பி சொன்னான், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். என் மருமகன் இன்னும் அதே ஆள்தான், மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பலகை. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள சமூக மண்டபத்தின் வாசலில் நிரந்தர அறிவித்தல் பலகை ஒன்று வைக்கத் தீர்மானித்தார்கள். மண்டபத்தைப் பயன்படுத்துகிறவர்களில் தமிழரும் ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனரும் உருது பேசும் பாகிஸ்தானியரும் கூட. ஆகவே தமிழ், ஆங்கிலம், சீனம், உருது என்று நான்கும் வேண்டும். செயற்குழுவில் ஒன்பது பேர், அதில் ஐவர் தமிழர். வயது போனவர், ஒரு காலத்தில் உன் அச்சுக்கூடத்தில் குந்தியிருந்து பிழை திருத்தியவர் என்பதால் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஈய எழுத்தோடு நீ பட்ட பாட்டை நாற்பது வருடம் கழித்து நான் படுகிறேன், சிரி.

முதல் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, நான்கையும் ஒரே அளவில் போட்டால் நியாயம் முடிந்தது என்பது. நானும் தலையாட்டினேன். பலகை செய்யும் கடைக்காரர் "சமையலறை இரவு 9 மணிக்கு மூடப்படும்" என்பதை நான்கிலும் 60 பொயின்ற்றில் அச்சடித்துத் தந்தார். தாளை மேசையில் விரித்ததும் உருதுக்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய வரி எறும்பு ஊர்ந்தது போலக் கிடந்தது. சீனம் சுவரொட்டி மாதிரி எழும்பி நின்றது.

காரணம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொயின்ற் என்பது எழுத்தின் உயரம் அல்ல, அந்த எழுத்து வார்க்கப்பட்ட ஈயக்கட்டையின் உயரம். கட்டை போய்க் கணினி வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. 60 பொயின்ற் என்றால் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். சீன எழுத்து அந்தச் சதுரத்தை அநேகமாக முழுவதும் நிரப்பிவிடும். ஆங்கிலத்தின் சிறிய எழுத்து, மேலே நீளும் கோடும் கீழே தொங்கும் வாலும் இல்லாததாக இருந்தால், அதில் பாதி உயரந்தான் வரும். தமிழின் ககரம் ஆங்கிலத்தை விடச் சற்று உயரம், ஆனால் மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் இடம் கேட்கின்றன. உருதுவை அவர்கள் வாசித்துப் பழகிய நஸ்தாலிக் பாணியில் எழுதினால், ஒவ்வொரு சொல்லும் வலது மேலிருந்து இடது கீழாகச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவுக்கு உயரத்தை விட்டுக் கொடுத்த பிறகு எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது கொஞ்சம். ஆக, ஒரே எண்ணைக் கொடுத்தது நான்கு பேருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்தது போலாயிற்று.

அதனால் அளவுகோலை மாற்றினேன். எழுத்தின் உயரத்தை விட்டுவிட்டு, எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க முடிகிறது என்பதைப் பிடித்தேன். ஒவ்வொரு மொழியிலும் அறுபது தாண்டிய மூவரைக் கூப்பிட்டு, தாளைச் சுவரில் ஒட்டி, வாசிக்க முடியாமற் போகும் வரை பின்னுக்கு நடக்கச் சொல்லி, நின்ற இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். மூவரில் நடு ஆளின் கோட்டை எடுத்துக்கொண்டேன். வசனத்தை முதலே சொல்லிவிடக் கூடாது, ஒவ்வொருவருக்கும் வேறு வசனம் வேண்டும், இல்லாவிட்டால் ஞாபகத்திலிருந்து வாசித்துவிடுவார்கள். எங்கள் கணக்குவாத்தியார் ரகத்தில் ஒருவர் இங்கேயும் உண்டு, அவர் தெருவிலிருந்தே வாசித்துக் காட்டினார்!

சீனம் 15 அடி, ஆங்கிலம் 14, தமிழ் 12, உருது வெறும் 8. பெரிதாகத் தெரிந்த சீனம் ஆங்கிலத்தை ஓர் அடிதான் முந்தியது என்பதைக் கவனி. ஒரு சதுரத்துக்குள் அத்தனை கோடுகள் நெருங்கி நிற்பதால், தூரம் போனதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. மண்டபம் என்பதற்கு ஹொங்கொங்காரர் எழுதும் பழைய வடிவ எழுத்தில் 25 கோடுகள், சீனப் பெருநிலத்தின் சுருக்க வடிவத்தில் 4. எதைப் போடுவது என்று அவர்களுக்குள்ளேயே ஒரு மாலை முழுவதும் சண்டை, கடைசியில் பழைய வடிவம் வென்றது. தமிழில் முதலில் சாவது புள்ளி. அது மங்கிய பிறகும் நம்மவர் ஊகித்து வாசித்துக்கொண்டே போவார்கள். அதனால் வாசிக்கிறாயா என்று கேட்காமல், எந்த எழுத்தின் மேல் புள்ளி இருக்கிறது என்று கேட்டேன்.

வாசலில் செருப்புக் கழற்றும் இடத்திலிருந்து பலகைக்கு 13 அடி. அங்கே நின்றால் நான்கும் ஒரே மாதிரி வாசிக்கப்பட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் பெருக்கலும் வகுத்தலுந்தான்: ஆங்கிலம் 56, தமிழ் 65, சீனம் 52, உருது 98. இந்த எண்களை எழுதிக் காட்டியதும் கூட்டத்தில் ஒரே கூச்சல். உருதுவுக்கு 98, தமிழுக்கு 65 என்றால் இது என்ன நியாயம் என்று நம் ஐவரில் ஒருவர் மேசையில் தட்டினார். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, அவரையே 13 அடியில் போய் நிற்கச் சொன்னேன். நின்று பார்த்துவிட்டு, உருது இன்னும் மெலிந்துதான் தெரிகிறது என்றார், அவருக்கு உருது தெரியாது.

எழுத்து ஒத்துப்போனால் இடம் ஒத்துப்போகாது என்பது அடுத்த சிக்கல். தமிழ் அகலம் கேட்கிறது, உருது உயரம் கேட்கிறது, சீனம் எட்டே எழுத்தில் சொல்லி முடித்துவிட்டு வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் தமிழை இரண்டு பக்கமும் நெருக்கிப் பெட்டிக்குள் திணித்துக் காட்டினார். ணகரமும் ஐகாரமும் மூச்சு முட்டி நின்றதை நீ பார்த்திருந்தால் அவரை அடித்திருப்பாய். எழுத்தை நெருக்காமல் வசனத்தைக் குறைத்தோம். "சமையலறை" என்று ஒரு வரி, "மூடும் நேரம்" என்று ஒரு வரி, 9 என்ற எண்ணை நான்குக்கும் பொதுவாக நடுவில் பெரிதாக ஒரே ஒரு தடவை. எண்ணுக்கு மொழி இல்லையாதலால் அதைப் பெரிதாக்கியதற்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. ஆங்கிலத்தை முழுக்கக் கப்பிட்டல் எழுத்தில் போடக் கூடாது என்றும் எழுதி வைத்தேன், ஏனென்றால் மற்ற மூன்றிலும் அப்படிக் கத்தும் எழுத்தே கிடையாது.

இனி வரிசை. இதில்தான் எனக்கு நித்திரை போயிற்று.

அகரவரிசை என்றார்கள். யாருடைய அகரவரிசை? ஆங்கிலப் பெயர்களை வைத்தால் சீனம், ஆங்கிலம், தமிழ், உருது என்று வரும். இந்திய ரூபாய்த் தாளில் பதினைந்து மொழிகள் இப்படித்தான் நிற்கின்றன: அசாமியம் முதலாவது, தமிழ் பதின்மூன்றாவது, உருது கடைசி. ஆங்கில நெடுங்கணக்கு இருக்கும் வரை உருது எங்கு போனாலும் கடைசிதான். ஆள் எண்ணிக்கை என்றார் இன்னொருவர், எண்ணிப் பார்த்தால் தமிழ் முதலாவது வரும் என்று அவருக்குத் தெரியும். கை தூக்கச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. கை தூக்க நானும் ஆயத்தமாகத்தான் இருந்தேன், மச்சான். அந்த நிமிடத்தில் எனக்கு 1958 ஞாபகம் வந்தது. வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தது, நம் ஊரில் அதன் மேல் தார் பூசியது, தெற்கில் தமிழ் எழுத்திருந்த பலகைகளின் மேல் தார் பூசியது. உன் ஐயாவின் வேட்டியில் போகாமல் நின்ற அந்தக் கறையைப் பற்றி நாம் எத்தனை தரம் சிரித்திருப்போம். எண்ணிக்கையை வைத்து வரிசை வகுத்தவர்களைத் திட்டியே வளர்ந்த நான், என் பக்கத்தில் ஐவர் இருக்கிறார்கள் என்றதும் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

கையைத் தூக்கவில்லை. பகுதிக்குப் பகுதி வரிசையை மாற்றிச் சுழற்றலாம் என்று ஒரு யோசனை சொன்னேன், அதுவும் படுதோல்வி. மாதிரியை ஒட்டியதும் வயதானவர்கள் ஒவ்வொரு பகுதியிலும் தங்கள் மொழியைத் தேடிக் கண்ணால் அலைந்தார்கள். ஒரு பலகையில் ஒரு மொழிக்கு ஒரே இடம் இருக்க வேண்டும். ஒரு தரம் கண்டுபிடித்தால் கண் அந்த நிரலிலேயே கீழே இறங்கிப் போகும்.

வழியைக் காட்டியவர் கண்ணாடி துடைத்த அந்த உருதுக்காரர்தான். மொழிகளை மேலும் கீழுமாக அடுக்குவதால்தானே முதலாவதும் கடைசியும் வருகிறது, பக்கம் பக்கமாக நிறுத்துங்கள், நான் வலப்பக்கத்திலிருந்து வாசிக்கிறவன், வலது ஓரந்தான் எனக்கு முதலிடம் என்றார். அதை மூன்று மாதமாக நான் யோசிக்கவில்லை! ஒரு வரிசையில் இரண்டு முதலிடங்கள். வலது ஓரம் உருதுவுக்கு, இடது ஓரம் தமிழுக்கா சீனத்துக்கா என்று சீட்டுக் குலுக்கினோம். ஆங்கிலம் எங்கே நின்றாலும் எல்லோரும் கண்டுபிடிப்பார்கள், ஆகையால் அது நடுவுக்குப் போயிற்று. சீட்டில் தமிழ் விழுந்தது. அடுத்த வருடப் பொதுக்கூட்டத்தில் சீனமும் தமிழும் இடம் மாறும், அதற்காக நிரல்களைத் தனித்தனித் தகடுகளாகச் செய்து திருகாணியில் பூட்டச் சொல்லியிருக்கிறேன். அகலம் மட்டும் நான்குக்கும் ஒன்று, இல்லாவிட்டால் மாற்ற முடியாது. அது தமிழுக்குப் போதுமான அகலம், சீனத் தகட்டில் வெறுமை மிஞ்சும். அதைத் தங்கள் ஓவிய மரபு என்று வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சிரித்தார்கள்.

கடைசி மாதிரியிலும் கடைக்காரர் கெடுத்தார். அவருடைய மென்பொருள் உருது எழுத்துகளைச் சேர்க்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, இடமிருந்து வலமாக அடுக்கியிருந்தது. தமிழில் "பொது" என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு பகரத்தை விட்டுத் தனியே போய் ஒரு புள்ளிவட்டத்தின் பக்கத்தில் ஒட்டி நின்றது. உருது தெரியாதவனும் முதற் பிழையைப் பிடிக்கலாம், ஒரு வரி முழுவதிலும் எழுத்து ஒன்றுகூடப் பக்கத்து எழுத்தோடு கை கோக்காமல் நின்றால் அது பிழை. எழுத்துருவைக் கோட்டுருவமாக மாற்றிய பிறகு வரும் மாதிரியில், மொழிக்கு ஒருவர் கையெழுத்து வைக்காமல் தகடு வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒரு வேலை. யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துப் பெயர்ப் பலகையில் மூன்று எழுத்துகளின் உடல் உயரத்தையும் மில்லிமீற்றரில் அளந்து எழுது, எத்தனை அடியில் எந்த எழுத்து மங்குகிறது என்பதையும். நிலைய அதிபர் பிடித்தால் என் பெயரைச் சொல்லாதே. "மூடும் நேரம்" என்பதா "பூட்டும் நேரம்" என்பதா என்றும் சொல். தகடு வெட்ட இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, தபாலை நம்பாமல் தம்பியின் கைபேசியில் சொல்லி அனுப்பு.

உன்,
பிழை திருத்துபவன்