நூறு ரூபாய் குறைத்ததற்கு அறுபதாயிரம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வாகனக் காப்பீட்டுக் கட்டுரையில், "மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் எதிர்த்தரப்புச் சேதத்தை நிறுவனமே பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வரி வந்திருந்தது. இருபது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவன் நான். அந்த வரியை நம்பி இன்னொரு குடும்பம் சும்மா இருந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

போன ஆனியில் குற்றாலம் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது என் மகன். சேரன்மகாதேவி பக்கத்தில் ஆடு ஒன்று குறுக்கே பாய, அவன் ஸ்டீயரிங்கை ஒடித்தான். கார் ஒரு டீக்கடைச் சுவரில் ஏறி நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பெயர்ந்து, ஷட்டர் ஓடும் தடம் வளைந்து, பலகாரம் வைக்கும் கண்ணாடிப் பெட்டி நொறுங்கிவிட்டது. வாசலில் நின்ற ஒருவருடைய பைக்கும் அடியில் மாட்டிக்கொண்டது. சுவருக்கு 24,000, ஷட்டருக்கு 19,000, பைக்குக்கு 9,500, கண்ணாடிப் பெட்டிக்கு 7,500. மொத்தம் 60,000 ரூபாய்.

"கவலைப்படாதீங்க அண்ணாச்சி, இன்சூரன்ஸ் இருக்கு" என்று கடைக்காரரிடம் நான்தான் சொன்னேன். மறுநாள் காப்பீட்டு அலுவலகத்தில் என் பாலிசியைத் திருப்பி, பொறுப்பின் வரம்பு என்ற கட்டத்தைக் காட்டினார்கள். அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 6,000 ரூபாய் என்று இருந்தது. தனியார் காருக்கு வழக்கமாக அந்த இடத்தில் 7,50,000 இருக்கும். இரு சக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம். அதை 6,000 ஆகக் குறைத்துக்கொள்ள வண்டிக்காரர் சம்மதித்தால் காருக்கு வருடம் 100 ரூபாய், பைக்குக்கு 50 ரூபாய் பிரீமியம் குறையும். பாலிசியில் இது 'ஐ.எம்.டி. 20' என்ற ஒப்புதலாக ஒரு வரியில் இருக்கும். ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் எனக்கு மிச்சமானது 118 ரூபாய்.

அந்தச் சம்மதத்தை நான் எப்போது கொடுத்தேன் ஐயா? ஏஜென்ட் போனில் "போன வருஷத்தைவிடக் கம்மியா முடிச்சுட்டேன் சார்" என்றார், நான் நன்றி சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. இருபத்தைந்து வருடம் பிரீமியம் கட்டியவனிடம் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை. பாலிசி போனில் வந்தது, எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, முழுக்க ஆங்கிலம். கரண்ட் பில்லைத் தமிழில் அடிக்க முடிகிறதே, இதற்கு என்ன கேடு?

6,000 என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம் எழுதியபோதே இருந்த தொகை. அன்று அதில் ஒரு சுவர் கட்டியிருக்கலாம். இன்று ஷட்டர் தடத்துக்கே போதாது. இன்னொன்று, இந்த வரம்பு ஒரு விபத்துக்கு மொத்தமாக. கடைக்கு 6,000, பைக்குக்கு 6,000 என்று தனித்தனியாகக் கிடையாது.

அந்த ஆறாயிரத்துக்கும் கடைக்காரர் காவல் நிலையத்தில் புகார் எழுதி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். அதற்கும் சட்டத்தில் ஆறு மாதக் கெடு. "ஆறாயிரத்துக்காகக் கடையைப் பூட்டிட்டுக் கோர்ட்டுக்கு நடக்கவா?" என்று அவர் கேட்டார். நியாயம்தானே? அப்புறம் இன்னொரு விஷயமும் காப்பீட்டு அலுவலகத்தில்தான் தெரிந்தது. நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எதிர்த்தரப்பிடம் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று பாலிசியில் நிபந்தனை இருக்கிறது. நான் நடுரோட்டிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தானே வேண்டும். மனைவியின் வளையலை அடகு வைத்து அறுபதாயிரத்தையும் நானே கொடுத்தேன். ஏழரை லட்சம் வரம்பு இருந்திருந்தால், அவரும் மனு போட்டிருப்பார், நானும் துணைக்குப் போயிருப்பேன்.

என் காரின் முன்பக்கத்துக்கு மட்டும் சர்வேயர் வந்து பார்த்து, பணம் ஒழுங்காக வந்தது. சொந்தச் சேதத்துக்கான பகுதி வேறு, அடுத்தவர் சேதத்துக்கான பகுதி வேறு. "முழு பாலிசி எடுத்திருக்கிறேன்" என்று இருப்பவர்களுக்கும் இந்த 6,000 காத்திருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாத விவரம் இல்லை இது. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, பாலிசியில் பொறுப்பின் வரம்பு என்ற கட்டத்தில் 7,50,000 இருக்கிறதா, 6,000 இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். ஆன்லைனில் புதுப்பிக்கிறவர்கள் அந்த 100 ரூபாய்த் தள்ளுபடிக் கட்டத்தை டிக் செய்யாமல் விட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பேட்டை, திருநெல்வேலி.